கடலை எட்டாத வண்டல்: ஸ்ரீசைலத்திலிருந்து உப்பாடா வரை

நாள் 1: ஸ்ரீசைலம்

டெல்டாவைப் பார்க்கப் போகிறவர்கள் நேராகக் கடற்கரைக்குப் போவதுதான் வழக்கம். கிருஷ்ணா டெல்டா ஏன் தேய்கிறது என்று அறிய விரும்புபவர்கள், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் மேலே நல்லமலைக் காட்டுக்குள் இருக்கும் ஸ்ரீசைலத்தில் தொடங்குவது நல்லது. காணாமல் போன மண் இங்கேதான் கிடக்கிறது.

ஆகஸ்ட் மாதம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பெய்த மழை இறங்கி வந்துகொண்டிருக்கிறது. நீர்த்தேக்கத்தின் மேல்முனையில், ஆறு உள்ளே நுழையும் இடத்தில், தண்ணீர் காவி நிறம். அணையின் மேல் நின்று பார்த்தால் அதே தண்ணீர் பச்சை. இடையில் என்ன நடந்தது என்பதைத் துகள்களின் அளவைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள நுண்மணல், அசையாத நீரில் நொடிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இறங்கும். 10 மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு 20 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகள் நூறு மடங்கு மெதுவாக இறங்கும், அதே 10 மீட்டருக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும். களித்துகள் இன்னும் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓடும் ஆற்றில் சுழல்கள் இந்தத் துகள்களை மீண்டும் மீண்டும் மேலே தூக்கிவிடுகின்றன. நீர் நின்றதும் தூக்குகிற கை இல்லை. வெள்ளக் காலம் தவிர மற்ற நாட்களில் தண்ணீர் இந்தத் தேக்கத்துக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறது. அதனால் மணல் முழுவதும், வண்டலில் பெரும்பகுதியும் உள்ளேயே படிந்துவிடும். கடைசி மதகைத் தாண்டுவது கொஞ்சம் களி மட்டும்தான்.

எவ்வளவு படியும் என்று மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. அமெரிக்காவின் ப்ரூன் என்பவர் 1953இல் பல நீர்த்தேக்கங்களின் அளவீடுகளைச் சேர்த்து ஒரு வளைகோடு வரைந்தார். தேக்கத்தின் கொள்ளளவை ஓர் ஆண்டில் வந்து சேரும் நீரின் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.1 என்றால், அதாவது ஆண்டு வரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொள்ளும் தேக்கம் என்றால், வரும் வண்டலில் 85 சதவீதம் அளவுக்கு உள்ளே நின்றுவிடும். 0.3 என்றால் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆண்டு வரத்து முழுவதையும் கொள்ளும் தேக்கம் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிடும். டெல்டாவுக்குத் தீங்கு செய்ய ஆண்டின் தண்ணீர் முழுவதையும் தடுக்க வேண்டியதில்லை, பத்தில் ஒரு பங்கைத் தேக்கி வைத்தாலே போதும் என்பதுதான் இந்த வளைகோடு சொல்லும் முக்கியமான செய்தி.

ஸ்ரீசைலத்தின் கொள்ளளவு 885 அடி நீர்மட்டத்தில் முதலில் 308 டி.எம்.சி. பிறகு எடுத்த அளவீட்டில் அது 263 ஆனது. இப்போது அன்றாட நீர்மட்ட அறிக்கைகளில் வரும் எண் 215.8. அளவெடுக்கும் முறைகள் மாறியதால் இந்தக் குறைவு முழுவதையும் வண்டல் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் 92 டி.எம்.சி. என்பது சுமார் 260 கோடி கனமீட்டர். ஏறத்தாழ 4,700 சதுர கிலோமீட்டர் கொண்ட கிருஷ்ணா டெல்டா முழுவதும் அதைப் பரப்பினால் அரை மீட்டருக்கு மேல் உயரும். இதில் பாதிதான் உண்மையான வண்டல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தலைமுறைக் காலத்துக்கு டெல்டாவை உயர்த்தியிருக்கக்கூடிய மண் இந்த மலையிடுக்கில் நீருக்கடியில் கிடக்கிறது.

அதைத் திறந்துவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. வண்டலைக் கழுவித் தள்ள வேண்டுமானால் வெள்ளம் வரும் நேரத்தில் நீர்மட்டத்தை அடிவரை இறக்கி, அடிமதகுகளைத் திறந்து, தேக்கத்துக்குள் மீண்டும் ஆறு ஓடும்படி செய்ய வேண்டும். அகலம் குறைந்த, ஆண்டுதோறும் நிச்சயமாக நிரம்பிவிடும் தேக்கங்களில் அது பலன் தரும். நிரம்புமா நிரம்பாதா என்று ஒவ்வொரு ஆண்டும் ஆந்திரம், தெலங்கானா என இரண்டு மாநிலங்கள் காத்திருக்கும் தேக்கத்தில், ஜூலை மாதத் தண்ணீரை வெளியே விடச் சொல்லி யாரிடம் கேட்பது? மேலும் மணல் முழுவதும் மேல்முனையில், அணையிலிருந்து வெகுதூரத்தில் கிடக்கிறது. அணைக்கருகே உள்ள மதகைத் திறந்தால் அதன் முன்னே புனல் போல ஒரு பள்ளம் விழும், அவ்வளவுதான்.

நாள் 2: நாகார்ஜுன சாகர்

இங்கே சொல்ல அதிகமில்லை. 1955இல் அடிக்கல் நாட்டி, 1967இல் கால்வாய்களுக்கு நீர் விட்ட அணை. ஸ்ரீசைலம் 1980களில்தான் நிரம்பியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிருஷ்ணாவின் வண்டலைப் பிடித்துக்கொண்டிருந்தது இதுதான். இப்போது ஸ்ரீசைலம் பிடித்தது போக மிச்சம்தான் இங்கே வருகிறது.

அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையைக் கவனியுங்கள். மணல் இல்லை. பாறையும் உருளைக்கற்களும்தான். வண்டலை இழந்த தெளிந்த நீருக்கு வேகம் அப்படியே இருக்கிறது, சுமை இல்லை. அதனால் அது படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும். சில ஆண்டுகளில் எடுக்க முடிந்த மணலெல்லாம் போய்விடும், நகர்த்த முடியாத கல் மட்டும் மேலே தங்கிக் கவசம் போல மூடிவிடும். அதன்பின் அங்கே கிடைப்பது எதுவும் இல்லை.

அணைக்குக் கீழே சேரும் துணையாறுகள் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவருகின்றன. மூசி வாடபல்லியில் சேர்கிறது. ஆனால் அதற்கும் கீழே புலிச்சிந்தலா அணை வந்துவிட்டது. எந்த அணையிலும் சிக்காமல் விஜயவாடாவுக்கு வருவதில் குறிப்பிடத்தக்கது முன்னேறு ஒன்றுதான்.

நாள் 3: விஜயவாடா

பிரகாசம் தடுப்பணைக்கு 70 ஷட்டர்கள், நீளம் 1,200 மீட்டருக்குச் சற்று மேல். 1957இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இதே இடத்தில் 1850களில் கட்டிய அணைக்கட்டு ஒரு நூற்றாண்டு நின்றது. டெல்டாவின் வயல்களுக்குத் தண்ணீர் பிரிவது இங்கேதான். அதனால் கடற்கரை அரிப்புக்கு இந்தத் தடுப்பணையையே பலரும் குற்றம் சொல்கிறார்கள். அது சரியல்ல.

நேற்று முன்தினம் பார்த்த அதே வகுத்தலை இங்கே போட்டுப் பாருங்கள். இந்தத் தடுப்பணையின் கொள்ளளவு 3 டி.எம்.சி. சொச்சம். ஆண்டு வரத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் சில பங்கு. வெள்ளம் வரும்போது ஷட்டர்களை அடியிலிருந்து தூக்கிவிடுகிறார்கள், மணலும் சேர்ந்து உருண்டு போகிறது. ஆண்டின் வண்டலில் மிகப் பெரும்பகுதி சில வார வெள்ளத்தில்தான் வரும் என்பதால், அந்த வாரங்களில் வழிவிடும் எந்தக் கட்டுமானமும் டெல்டாவைப் பட்டினி போடுவதில்லை. கால்வாயில் போகும் பாசனநீர் கொஞ்சம் களியை வயலுக்கே கொண்டுபோகிறது. அது டெல்டாவுக்கு வரவுதான்.

அணைக்கட்டு இருந்த காலத்துக் கடற்கரையே இதற்குச் சான்று. 1930களின் நில அளவை வரைபடங்களையும் 1960களின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தவர்கள், கிருஷ்ணா, கோதாவரி இரண்டின் கரையும் அந்தக் காலத்தில் மொத்தத்தில் கடலை நோக்கி நகர்ந்ததைக் கண்டார்கள். அப்போது விஜயவாடாவில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அணைக்கட்டு இருந்தது. கணக்குத் தலைகீழாக மாறியது 1965க்குப் பிறகு. 1965 முதல் 2008 வரையிலான 43 ஆண்டுகளில், 336 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த இரட்டை டெல்டாக் கரை மொத்தத்தில் 76 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்தது. முதல் 25 ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.39 சதுர கிலோமீட்டர், 1990க்குப் பிறகு 2.3 அளவில்.

இதே காலத்தில் கிருஷ்ணா கொண்டுவந்த மிதவண்டல் 1966-69இல் ஆண்டுக்கு 90 லட்சம் டன்னாக இருந்தது, 2000-05இல் 4 லட்சம் டன்னாகக் குறைந்தது. தொடக்க எண்ணே நாகார்ஜுன சாகர் நீரைத் தேக்கத் தொடங்கிய காலத்தது, அணைகளுக்கு முந்தைய ஆறு அதைவிட நிறையவே சுமந்திருக்கும். மிதவண்டல் என்பது நீரில் கலந்து வருவது மட்டும், அடியில் உருண்டு வரும் மணல் இதில் சேராது. கடற்கரையைக் கட்டுவதற்கு முதன்மையாக வேண்டியது அந்த மணல்தான். அணையில் முதலில் நிற்பதும் அதுதான். மிஞ்சிய மணலைத் தடுப்பணைக்கு மேலும் கீழும் லாரிகள் அள்ளுகின்றன. டெல்டா தேய்வதற்கு மணல் அள்ளுவதும் ஒரு காரணம். ஆனால் மேலிருந்து புதிய மணல் வந்துகொண்டிருந்தால் ஆறு அந்தக் குழிகளை நிரப்பியிருக்கும்.

நாள் 4: அவனிகட்டா, ஹம்சலதீவி

விஜயவாடாவிலிருந்து தெற்கே கரைக்கட்டு மேலேயே சாலை. புலிகட்டா அருகே ஆறு பிரிகிறது. இரண்டு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நிலம்தான் திவிசீமா. 1977 நவம்பர் 19 புயலில் கடல் பொங்கி பல்லாயிரம் பேரைக் கொண்டுபோன தீவு இது. சுற்றிலும் நெல், கடலை நெருங்க நெருங்க இறால் பண்ணைகள், கடைசியில் அலையாத்திக் காடு.

டெல்டா எப்படி வளர்கிறது என்பதை முகத்துவாரத்தில் நின்று சொல்வது எளிது. கரைகளுக்கு நடுவே குவிந்து வந்த ஆற்றுநீர் கடலில் நுழைந்ததும் விசிறி போல விரிகிறது, வேகம் சட்டென்று குறைகிறது. முதலில் மணல் விழும். அது முகத்துவாரத்துக்கு நேர் எதிரே ஒரு மணல்திட்டாக எழும். திட்டு உயர உயர, நீர் அதன் இரு பக்கமும் ஒதுங்கி ஓடும். ஒரு வாய் இரண்டாகும், ஒவ்வொன்றின் முன்பும் மறுபடி ஒரு திட்டு. வண்டல் சற்று தள்ளிப் படியும். தனியாக இருந்தால் மாதக்கணக்கில் மிதக்கக்கூடிய களித்துகள்கள், உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி விரைவில் இறங்கும். அப்படி இறங்கிய சேற்றில் அலையாத்தி வேர்பிடிக்கும். வேர்கள் நீரோட்டத்தைத் தடுத்து மேலும் சேற்றைப் பிடிக்கும். ஆற்றின் வாய் நீண்டுகொண்டே போனால் சரிவு குறையும், ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கரையை உடைத்துக் குட்டையான வேறு வழியில் கடலுக்குப் போகும். பழைய வாய் கைவிடப்படும். அங்கே அலை வேலை செய்யத் தொடங்கும்.

ஆகவே ஆரோக்கியமான டெல்டாவிலும் ஏதோ ஒரு மூலையில் அரிப்பு இருக்கும். அரிப்பைக் கண்டதும் அணையைக் குற்றம் சொல்லக்கூடாது. கைவிடப்பட்ட வாயில் அரிப்பும், நடப்பு வாயில் அதைவிட அதிகமான வளர்ச்சியும் இருந்தால் அது இயல்பு. இப்போது நீர் ஓடிக்கொண்டிருக்கும் வாயிலேயே கரை பின்வாங்கினால்தான் வண்டல் வரத்து கெட்டுவிட்டது என்று பொருள். கிருஷ்ணாவில் நடப்பது அதுதான். 1977 முதல் 2000 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, இந்த டெல்டாக் கரையில் அரிப்பு படிவைப்போல மூன்று மடங்கு என்று கண்டது. அரிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 77.6 ஹெக்டேர்.

ஹம்சலதீவியின் வேணுகோபால சுவாமி கோயிலைத் தாண்டி, பாலகாயதிப்பா கடற்கரைக்கு வந்தால் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை. அலை அடிக்கும் இடத்தில் செத்த அலையாத்தி அடிமரங்கள் நின்றால், ஒரு காலத்தில் கரைக்கு உள்ளே அமைதியான சேற்றில் வளர்ந்த மரத்தைக் கடல் வந்து எட்டியிருக்கிறது. மணலுக்கு அடியிலிருந்து கருஞ்சேற்றுப் படலம் வெளியே தெரிந்தால், மணல்மேடு காட்டின் மேல் ஏறிப் பின்னால் நகர்ந்துவிட்டது. கரையின் உள்பக்கத்தில் காட்டுக்குள் நாக்கு நாக்காகப் புதுமணல் பரவியிருந்தால், புயல் அலை மேட்டைத் தாண்டி விழுந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கடற்கரை வெட்டுப்படும், பிறகு அடுத்த மாதங்களில் ஓரளவு திரும்பி நிரம்பும். படங்களை ஒப்பிடுவதானால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தின் படத்தை எடுக்க வேண்டும். ஓதத்தோடு நகரும் நீர்விளிம்பை விட்டுவிட்டு, செடிகொடி தொடங்கும் விளிம்பை அளக்க வேண்டும்.

நாள் 5: கொல்லேறு வழியாக

இரண்டு டெல்டாக்களுக்கும் நடுவே கொல்லேறு ஏரி. இன்று இதற்கும் கடலுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நிலம். ஒரே வடிகாலான உப்புடேறு வளைந்து வளைந்து சுமார் 60 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கிறது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்துக்குப் பின் ஏறிய கடல்மட்டம் நிலைபெற்றபோது, கடற்கரை இந்தப் பக்கம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் டெல்டாக்கள் வளர, நடுவே அகப்பட்ட கடல்நீர் மெல்ல நன்னீர் ஏரியானது.

அந்த வளர்ச்சியின் படிகள் நரசாபுரம் பக்கம் இன்னும் கிடக்கின்றன. வயல் நடுவே திடீரென்று இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்த மணல்வரப்பு, அதன்மேல் பனையும் முந்திரியும், வீடுகளும் சாலையும். அடுத்து தாழ்ந்த களிமண், நெல். மறுபடி மணல்வரப்பு. ஒவ்வொரு வரப்பும் ஒரு காலத்துக் கடற்கரை. ஆறு கொண்டுவந்த மணலை அலை கரைநெடுக இழுத்து மேடாக்கும், அதற்கு முன்னால் அடுத்த மேடு எழும், பழையது உள்நாட்டு நிலமாகிவிடும். செயற்கைக்கோள் படத்தில் இணைகோடுகளாகத் தெரியும் இவற்றை எண்ணிக்கொண்டே கடற்கரை வரை போகலாம். ஊர்கள் வரப்பின் மேல் இருப்பதற்கு வெள்ளம் ஏறாதது ஒரு காரணம். மழைநீர் மணலில் இறங்கி உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக நிற்பதால் கிணற்றில் குடிநீர் கிடைப்பது இன்னொன்று. கரை அரிபடும்போது இந்தப் படலமும் ஒடுங்குகிறது.

நாள் 6: தவளேஸ்வரம்

ராஜமுந்திரிப் பாலத்தில் நின்றாலே வேறுபாடு தெரிந்துவிடும். கோதாவரி இன்று செங்காவி நிறத்தில் ஓடுகிறது.

இந்த நீரை ஒரு லிட்டர் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்தால், சில நிமிடங்களில் அடியில் மணல் கோடு, ஓரிரு நாளில் அதன்மேல் வண்டல், அதற்கும் மேல் கலங்கிய களி. முறையாகச் செய்ய வேண்டுமானால் வடிதாளில் வடிகட்டி, உலர்த்தி எடை போட வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 லட்சம் கனஅடி வெள்ளம் என்பது 28,300 கனமீட்டர், அதாவது வினாடிக்கு 28 டன் மண். ஒரே நாளில் 24 லட்சம் டன். கிருஷ்ணா 2000-05இல் ஓர் ஆண்டு முழுவதும் கொண்டுவந்த 4 லட்சம் டன்னை இப்படிப்பட்ட ஒரு வெள்ளம் நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும்.

ஆர்தர் காட்டன் 1847 முதல் 1852 வரை இங்கே அணைக்கட்டைக் கட்டினார். அதற்கு முன்பே 1836-38இல் காவிரியில் முக்கொம்பு மேலணையைக் கட்டியவர். ஆழமான மணற்படுகையில் பாறையைத் தேடாமல் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றார். பழைய கட்டு 1970-82இல் 175 ஷட்டர்கள் கொண்ட தடுப்பணையாக மாறியது. கொள்ளளவு 3 டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. பிரகாசம் தடுப்பணைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் கோதாவரி டெல்டா நலமா? இல்லை. 1971-79இல் ஆண்டுக்கு 14.5 கோடி டன்னாக இருந்த மிதவண்டல் 1990-98இல் 5.7 கோடி டன்னாகிவிட்டது. ஜெயக்வாடியும் ஸ்ரீராம் சாகரும் 1970களில் நிரம்பின. துணையாறுகளிலும் பல தேக்கங்கள் வந்தன. கிருஷ்ணா அளவுக்கு ஏன் போகவில்லை என்றால், பெரிய தேக்கங்கள் மேற்கே, மேல்பகுதியில் இருக்கின்றன. பிராணஹிதா, இந்திராவதி, சபரி மூன்றும் அவற்றுக்குக் கீழே வந்து சேர்கின்றன. இன்று பாலத்தின் கீழே ஓடும் செம்மண்ணில் பெரும்பகுதி அந்த மூன்றின் கொடை.

இந்தக் காரணத்தால்தான் போலவரம் கவலை தருகிறது. தவளேஸ்வரத்துக்கு 40 கிலோமீட்டர் அளவு மேலே எழும் அந்த அணை, சபரியும் சேர்ந்த பிறகு, எல்லாத் துணையாறுகளுக்கும் கீழே அமைகிறது. முழுக் கொள்ளளவு 194 டி.எம்.சி. கோதாவரியின் ஆண்டு வரத்தைச் சுமார் 3,000 டி.எம்.சி. என்று எடுத்தால் விகிதம் 0.065. ப்ரூன் வளைகோட்டின்படி 80 சதவீதத்தை ஒட்டிய வண்டல் நிற்கும். ஆனால் அந்த வளைகோடு ஆண்டு முழுவதும் நிரம்பியே இருக்கும் தேக்கங்களைக் கொண்டு வரைந்தது. போலவரத்தின் 48 ஷட்டர்களையும் ஜூலை, ஆகஸ்ட் வெள்ளத்தில் திறந்தே வைத்து, நீர்மட்டத்தைத் தாழ்வாகப் பிடித்து, செப்டம்பர் கடைசியில் வடியும் தெளிநீரைத் தேக்கினால் நிற்கும் அளவு வெகுவாகக் குறையும். முதல் வெள்ளத்திலேயே நிரப்பிவிட்டால் வளைகோடு சொன்னதே நடக்கும். ஆக, இந்த டெல்டாவின் எதிர்காலம் ஷட்டர் இயக்க விதிகளில் எந்த மாதத்தில் எந்த நீர்மட்டம் என்று எழுதும் அட்டவணையில் இருக்கிறது.

நாள் 7: கோனசீமா, அந்தர்வேதி

தவளேஸ்வரத்துக்குக் கீழே ஆறு கௌதமி, வசிஷ்டா என இரண்டாகிறது. வசிஷ்டாவிலிருந்து வைநதேயா பிரிகிறது. நடுவே தென்னை மூடிய கோனசீமா. தேய்வதைப் பற்றி இதுவரை எழுதியாயிற்று. தாழ்வதைப் பற்றி எழுத வேண்டிய இடம் இது.

புதிதாகப் படிந்த டெல்டாச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே மேலே படியும் மண்ணின் பாரத்தில் அந்தத் தண்ணீர் பிழிந்து வெளியேறும், களிப்படலம் மெலியும், தரை இறங்கும். இது அணையால் வருவதல்ல, டெல்டா பிறந்த நாளிலிருந்து நடப்பது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். முன்பு வெள்ளம் ஒவ்வொரு முறை வயலில் பரவும்போதும் அதே அளவு வண்டலை மேலே போட்டது, கணக்குச் சமமாயிற்று. இப்போது இறங்குவது நிற்கவில்லை, போடுவது நின்றுவிட்டது. ஆழ்துளைக் கிணறுகளில் நீரை உறிஞ்சினால் களி இன்னும் வேகமாக அமுங்கும். அதற்கு மேல் கடல்மட்ட உயர்வு.

ஒரு கணக்கு. நிலம் இறங்குவதும் கடல் ஏறுவதும் சேர்ந்து ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டெல்டாக்களும் இடைப்பட்ட சமவெளியும் சேர்ந்து சுமார் 12,700 சதுர கிலோமீட்டர். அதை 5 மில்லிமீட்டர் உயர்த்த 6.35 கோடி கனமீட்டர் மண் வேண்டும், ஏறத்தாழ 8 கோடி டன். 1970களில் கோதாவரி மட்டுமே 14.5 கோடி டன் கொண்டுவந்தது, நிலத்தை உயர்த்தியதுபோகக் கடலை நிரப்பவும் அதில் மீதம் உண்டு. 1990களில் வந்த 5.7 கோடி டன் முழுவதையும் ஒரு துகள்கூடக் கடலுக்குப் போகாமல் வயலில் பரப்பினாலும் போதாது.

வயலில் பரப்பவும் வழியில்லை. இரண்டு பக்கமும் வெள்ளக்கரை. உயிரைக் காக்கும் கரை அது, இல்லாமல் இங்கே வாழ முடியாது. ஆனால் அதுவே வண்டலையும் வெளியே நிறுத்துகிறது. கரைகளுக்கு உள்ளே ஆற்றுத் தீவுகள் இருக்கின்றன, இங்கே அவற்றுக்கு லங்கா என்று பெயர். வெள்ளத்தில் மூழ்கும் அந்த லங்காக்களில்தான் இன்றும் புதுவண்டல் படிகிறது. வாழையும் காய்கறியும் அங்கே கொழிப்பதற்குக் காரணம் அதுதான். பயிரை இழக்கும் ஆண்டுகளும் உண்டு.

நிலம் தாழ்வதை விவசாயி முதலில் அறிவது வடிகாலில். முன்பு இரண்டு மூன்று நாளில் வடிந்த மழைநீர் ஒரு வாரம் நிற்கும். வடிகாலின் கடல்வாய் ஷட்டரைத் திறக்கக் கிடைக்கும் தாழ்ஓத நேரம் குறையும், அது பழுதாகித் திறந்தே கிடந்தால் கடல்நீர் வடிகால் வழியாக உள்ளே ஏறும். பிறகு கோடையில் மண்ணில் வெள்ளைப் பொருக்கு. இரண்டாம் போகம் நின்றுவிடும், அடுத்து நெல்லே போய் இறால் குளம் வரும். குளத்துக்கு உப்புநீரை வேண்டுமென்றே கொண்டுவருவதால் பக்கத்து வயலும் கெடும்.

வசிஷ்டா கடலில் சேரும் அந்தர்வேதியில் லட்சுமி நரசிம்மர் கோயில். அதைத் தாண்டிய கடற்கரையில் கரை பின்வாங்குவது கண்கூடு. சரிந்து விழுந்த சவுக்கும், அலைக்குள் நிற்கும் கட்டடத் துண்டுகளும். கோதாவரி டெல்டாக் கரை மட்டும் 1976 முதல் 2001 வரை நிகரமாக 18 சதுர கிலோமீட்டரை இழந்தது.

நாள் 8: ஏனாம், காக்கிநாடா, உப்பாடா

கௌதமிக் கரையில் புதுச்சேரியின் துண்டு நிலமான ஏனாம். அதைத் தாண்டினால் கோரிங்கா அலையாத்திக் காடு. காட்டுக்கு வெளியே, காக்கிநாடா விரிகுடாவை மறித்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் சுமார் 16 கிலோமீட்டர் மணல் நாக்குதான் ஹோப் தீவு. கௌதமி கொட்டிய மணலைத் தென்மேற்குப் பருவ அலை வடக்கே இழுத்துச் சென்று கட்டியது. ஆறும் அலையும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தக் கரையில் இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

அந்த நாக்கின் நிழல் முடியும் இடத்துக்கு வடக்கே, ஜம்தானி நெசவுக்குப் பேர்போன உப்பாடா. மணல் நாக்கு காக்கிநாடாவை அலையிலிருந்து காக்கிறது, ஆனால் வடக்கே போக வேண்டிய மணலைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. ஆற்றிலிருந்து நிறைய மணல் வந்தால் நிறுத்தியது போக மீதம் உப்பாடாவைச் சேரும். வரத்துக் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைசியில் இருக்கும் ஊர். அலை மட்டும் குறையாமல் வந்து, இருக்கும் மணலையும் வடக்கே இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு புயலிலும் காக்கிநாடா - உப்பாடா கடற்கரைச் சாலை உடைவது இதனால்தான்.

இங்கே மணல் நிரப்பிய ராட்சதத் துணிக்குழாய்களைக் கரைநெடுக அடுக்கிப் பார்த்தார்கள், கல்லும் கொட்டினார்கள். துணிக்குழாய் வெயிலில் நைந்தும் கல்லில் உரசியும் கிழியும். கிழிந்தால் உள்ளிருக்கும் மணல் ஒரே புயலில் வெளியேறிக் குழாய் தட்டையாகிவிடும். கற்சுவர் அதைவிட நிற்கும், ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது, கற்கள் ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் இறங்குகின்றன, மேலே மேலே கல் போட வேண்டியிருக்கிறது. சுவருக்கு முன் கடற்கரை மிஞ்சாததால் படகை இழுத்து வைக்க மீனவர்களுக்கு இடமில்லை. சுவர் முடியும் வடமுனையில் அரிப்பு முன்னைவிட வேகமாகிறது, ஏனென்றால் சுவர் காத்த நிலத்திலிருந்து கிடைத்துவந்த மணலும் அந்தப் பக்கம் வருவது நின்றுவிட்டது.

தெற்கே சேர்ந்த மணலைக் குழாய் மூலம் எடுத்து உப்பாடாவுக்கு முன்னால் கொட்டுவது சுவரைவிடப் பொருத்தமான வழி. அலை அதை வடக்கே நகர்த்தும், நகர்ந்த இடமெல்லாம் கரை கிடைக்கும். ஆனால் அது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல. ஆறு செலவில்லாமல் செய்துவந்ததை டிரெட்ஜரும் டீசலும் கொண்டு ஆண்டுதோறும் செய்ய வேண்டும். கௌதமி வழியாக மணல் வரும் வரைதான் தெற்கே எடுப்பதற்கும் மணல் இருக்கும்.